நெறியாளருக்கு மாதாந்திர மின்னஞ்சல்: தடையை எப்படி எழுதுவது?

டிஎன்ஏவைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கி அளக்கும் நிகழ்நேர பிசிஆரில் மாதிரியே இடாத குழியிலும் சமிக்ஞை வருகிறது. நெறியாளருக்கு ‘பிசிஆரில் சில சிக்கல்கள், சரிசெய்ய முயல்கிறேன்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். போதுமா? (முதலாண்டு ஆய்வு மாணவி)

போதாது. ‘என்ன சிக்கல்?’ என்று அவர் ஒற்றை வரியில் திருப்பிக் கேட்பார். நீங்கள் விளக்கி எழுதி, அவர் அதைப் படித்துப் பதில் போடுவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். கண்டது, செய்து பார்த்தது, நினைப்பது, கேட்பது என்ற வரிசையில் எழுதுங்கள். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், எடுத்துக்காட்டுக்கு ஒன்று:

“மாதிரிகளில் சமிக்ஞை 24 முதல் 26 சுற்றுக்குள் எழுகிறது. மாதிரி இடாத குழியிலும் 34ஆம் சுற்றில் சமிக்ஞை வருகிறது. நீரையும் பிரைமர் கரைசலையும் புதிதாக மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. உருகு வளைவில் மாதிரிகளின் முகடு 84 டிகிரியில் இருக்கிறது, வெற்றுக் குழியின் முகடு 76 டிகிரியில். ஆகவே இது மாசு அல்ல, பிரைமர்கள் தமக்குள் ஒட்டிப் பெருகுகின்றன என்று நினைக்கிறேன். பிரைமர் அளவைக் குறைத்துப் பார்க்கவா, வேறு பிரைமர் வாங்கவா? முதலாவதைச் செய்யலாம் என்பது என் எண்ணம்.”

‘நினைக்கிறேன்’ என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள். எது கண்ணால் கண்டது, எது உங்கள் ஊகம் என்று அவருக்குப் பிரித்துக் காட்டுவது அதுதான். இரண்டு முகடும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் மாசு என்றே சந்தேகிக்க வேண்டும். அப்போது கேள்வியும் மாறிவிடும்.

எட்டு சுற்று இடைவெளி என்றால் ஏறத்தாழ 250 மடங்கு வேறுபாடு. இதைத் தடை என்று ஊதிப் பெருக்குவானேன்? முடிவுகளில் ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. (பிசிஆரில் பழகியவன்)

இந்த மாதிரிகளுக்கு நீங்கள் சொல்வதுதான் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த மாதம் 31, 32ஆம் சுற்றில் எழும் மாதிரிகள் வரப்போகின்றன என்றால் அந்த இடைவெளி இரண்டு மூன்று சுற்றாகச் சுருங்கிவிடும்; அப்போது இது தடையேதான். அடுத்து எந்த மாதிரிகள் என்பதை மாணவி தன் கேள்வியில் சொல்லவில்லை. மின்னஞ்சலில் அது கட்டாயம் இருக்க வேண்டும்.

நல்ல முடிவை முதலில் போட்டால் அவர் மனம் குளிர்ந்திருக்கும். பிறகு தடையைச் சொன்னால் கோபம் வராது. இதுதானே முறை? (இரண்டாம் ஆண்டு மாணவன்)

முடிவுகளை முன்னால் வைப்பது சரி. சொல்லும் காரணம்தான் சரியில்லை. முடிவு தெரியாமல் தடை எவ்வளவு பெரியது என்று அவரால் அளக்க முடியாது, அதற்காகத்தான் அந்த வரிசை. அவர் இந்த வாரமே தீர்மானிக்க வேண்டிய விஷயம் ஏதாவது இருந்தால், அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

மனம் குளிர எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒரே மாதிரியை மூன்று குழிகளில் இட்டுவிட்டு ‘மூன்று முறை செய்தேன்’ என்று எழுதுவார்கள். அது உங்கள் கை எவ்வளவு நிதானம் என்பதைத்தான் காட்டும். செல்களை மூன்று தடவை தனித்தனியாக வளர்த்துச் செய்திருந்தால்தான் அது மூன்று. ‘மூன்றில் இரண்டில் ஏறியது, ஒன்றில் மாற்றமில்லை’ என்று எழுதினால் அவருக்கு யோசிக்க ஏதாவது கிடைக்கும்.

எத்தனை படம் இணைக்கலாம்?

ஒன்று. மற்றவை பகிர்வுக் கோப்புறையில் இருக்கட்டும்.

என் துறை வரலாறு, பிசிஆர் எல்லாம் தெரியாது. ஆவணக் காப்பக அனுமதிக்காகக் காத்திருக்கிறேன். ‘அடுத்த மாதம் இரண்டாம் அத்தியாயம் எழுதுவேன்’ என்று அனுப்பினேன். நெறியாளர் பதிலே போடவில்லை. கோபமாக இருக்கிறாரோ?

அவர் கோபம் எனக்கு எப்படித் தெரியும்? அந்த வரியில் பதில் சொல்ல ஒன்றுமில்லை என்பது மட்டும் தெரிகிறது. அனுமதி உங்கள் கையில் இல்லாதபோது திட்டத்துக்கு இரண்டு கிளை வேண்டும்: “15ஆம் தேதிக்குள் அனுமதி வந்தால் கடிதத் தொகுப்பைப் படித்துக் குறிப்பெடுப்பேன். வராவிட்டால் அச்சில் உள்ள அறிக்கைகளை வைத்து அத்தியாயத்தின் முதல் பகுதியை எழுதி 30ஆம் தேதி அனுப்புவேன்.”

அதன் கீழே ‘வெள்ளிக்குள் வேறு யோசனை சொல்லாவிட்டால் இப்படியே தொடங்குகிறேன்’ என்று சேர்ப்பவர்களும் உண்டு. திரும்ப மாற்றிக்கொள்ளக்கூடிய வேலைக்கு அது பொருந்தும். பணம் செலவாகும் விஷயம், கட்டுரையை இதழுக்கு அனுப்புவது, தலைப்பை மாற்றுவது ஆகியவற்றில் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளாதீர்கள்; நேரில் போய்க் கேளுங்கள். சில நெறியாளர்களுக்கு அந்த வாக்கியமே கெடு வைப்பதுபோல் படும். உங்களுடையவர் எந்த ரகம் என்று அவரிடம் படித்த மூத்த மாணவர்களைத்தான் கேட்க வேண்டும்.