கொர்கொர் என்றால் சுகமா?

கேள்வி: எங்கள் கடுவன் பூனை நேற்றுக் காலையிலிருந்து இரண்டாங்கட்டு மூலையில் குந்தியே கிடக்கிறது. மீனை மோந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் தடவினால் கொர்கொர் என்கிறது. சுகமாக இருந்தால்தான் அந்தச் சத்தம் வரும் என்கிறார் அப்பத்தா. சரிதானே?
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: சரியில்லை, ஆச்சி. வாட்ஸ்அப்பில் வந்த கேள்வி என்பதால், இதழ் அச்சாகும் வரை காத்திராமல் அன்றே போன் செய்து ஒன்றே ஒன்று கேட்டோம்: ஒன்றுக்குப் போகிறதா? மணலில் நாலைந்து தடவை குந்தி எழுந்தது, மணல் நனையவே இல்லை என்றீர்கள். கடுவனுக்குச் சிறுநீர்த் தாரை ரொம்பக் குறுகல். பொடி மணல் போன்ற துகளோ சளியோ அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அன்று மாலையே கால்நடை மருத்துவர் குழாய் செருகிச் சிறுநீரை எடுத்ததால் பிழைத்தது. அவர் மேசையிலும் அது கொர்கொர் என்று கொண்டே இருந்ததால் இதயத்துடிப்பு காதில் விழவில்லை, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட பிறகுதான் அடங்கியது என்று சொன்னீர்களே, அப்பத்தாவுக்கு அதைவிட வேறு பதில் வேண்டாம்.

சத்தம் பிறப்பது குரல்வளையில். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் குரல் நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 25, 30 தடவை அதிரும். ஆத்தங்குடிக் கல்லில் கால் நீட்டிக் கண் சொருகிக் கிடக்கும்போதும் அதே அதிர்வுதான். குட்டி போடும்போதும், அடிபட்டுக் கிடக்கும்போதும் அதேதான். வலியில் ஏன் அப்படிச் செய்கிறது? தன்னைத் தானே தேற்றிக்கொள்ள என்பது பலரும் சொல்லும் ஊகம். அந்த அதிர்வு எலும்பைக் கூட்டும் என்று பரவும் செய்தியை நம்பி யாரும் கட்டுப் போடாமல் இருந்துவிட வேண்டாம்; அது நிரூபணமாகவில்லை.

பசிக்கு மட்டும் ஒரு தனி ராகம் உண்டு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சோறு கேட்கும் கொர்கொரில் கைக்குழந்தையின் அழுகையை ஒத்த ஒரு கீச்சொலி கலந்திருந்தது. பூனையே வளர்க்காதவர்களுக்கும் அது அவசரமாகப் பட்டது. விடிகாலையில் உங்களை எழுப்புகிற வித்தை இதுதான்.

வலியின் கொர்கொரைச் சுகத்தின் கொர்கொரிலிருந்து காதால் பிரிக்க முடியாது. உடம்பைப் பாருங்கள். காது இருபுறமும் சாய்ந்து, கண் இடுங்கி, வாயோரம் இறுகி, தலை தோளுக்குக் கீழே தொங்கினால் அது வலி. உங்கள் கடுவன் குந்தியிருந்ததாக எழுதினீர்கள். சுகமான பூனை ஒருக்களித்துப் படுக்கும்.

இன்னொன்று: போனில் பாராசிட்டமால் அரை மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். பூனைக்கு அது விஷம், ஆச்சி. கால் மாத்திரைகூட ஆகாது.