புலித்தலை ராட்சசனும் 110 ஹிட் பாயிண்டும்

வணக்கம் சார்,

கோவையில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதை விளையாட்டை ஆடுகிறோம். கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நான்தான். எதிரி ஜீவன்களின் கையேடான மான்ஸ்டர் மேனுவலில் ராட்சசனுக்குப் புலித்தலையும் பட்டு அங்கியும் இருப்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. ராமாயணத்தில் இப்படி எங்கே இருக்கிறது? அதனால் நானே ஒரு ராட்சசனை எழுதினேன். பெரிய உருவம், கதாயுதம், அடிதாங்கும் அளவான ஹிட் பாயிண்ட் 300. சண்டை ஒன்றரை மணி நேரம் இழுத்தது. கடைசியில் எல்லாரும் செல்போனைப் பார்த்துக்கொண்டே பகடை உருட்டினார்கள். ஒருத்தருக்கும் பயம் வரவில்லை. கதையில் வரும் ஜீவனை எண்களாக எப்படித்தான் மாற்றுகிறார்கள்? நான் எங்கே கோட்டை விட்டேன்?

பி., கோவை

அன்புள்ள பி.,

அந்தப் புலித்தலை ராமாயணத்திலிருந்து வரவில்லை, அமெரிக்கத் தொலைக்காட்சி வழியாக வந்தது. 1974-ல் ‘கோல்ச்சாக்’ என்ற திகில் தொடரில் ராட்சசன் வரும் அத்தியாயம் ஒன்று ஒளிபரப்பானது. சிகாகோவில் முதியவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கொல்வது, அவரவர் மிகவும் நம்பும் ஆளின் உருவத்தில் எதிரே வந்து நிற்கும் ராட்சசன். மந்திரித்த குறுக்குவில் அம்பு ஒன்றுதான் அதைக் கொல்லும். ஆனால் வில்லை எடுத்தவனுக்கு எதிரே நிற்பது அவன் நேசிக்கும் மனுஷியாகத் தெரியும். அந்த அத்தியாயம்தான் தனக்குத் தூண்டுதல் என்று விளையாட்டின் ஆசிரியர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவர் எழுதிய மான்ஸ்டர் மேனுவல் 1977-ல் வந்தது. ராட்சசன் எதிராளியின் மனதைப் படித்து, அவனுக்கு வேண்டியவரின் தோற்றத்தைக் காட்டி, அசந்த நேரத்தில் தாக்கும் என்று அதில் இருக்கிறது. மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் அந்த இடத்திலேயே சாவு. புலித்தலையை நிலைநிறுத்தியவர் ஓவியர் டேவிட் டிராம்பியர். கோட்டு மாட்டி, பைப் புகைத்துக்கொண்டு கனவான் மாதிரி உட்கார்ந்திருக்கும் ஒரு புலியை வரைந்தார். அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் எழுத்து படத்தைப் பின்தொடர்ந்தது.

சிரிக்கலாம்தான். ஆனால் கைகாக்ஸ் எதை எடுத்துக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். ராட்சசன் எவ்வளவு பெரியவன் என்பதில் அவருக்கு அக்கறையில்லை. அவன் எதிரே வரும்போது ஆட்டக்காரன் எதைச் செய்ய முடியாமல் போகிறது, எதைச் செய்தால் பிழைக்கலாம், இந்த இரண்டைத்தான் எடுத்தார். விதியாக மாறக்கூடியது அதுதான். நீங்கள் உருவத்தை எடுத்துக்கொண்டீர்கள். உருவம் எண்ணாக மாறும்போது ஹிட் பாயிண்டாகத்தான் மாறும், வேறு வழியில்லை.

அந்த எண்ணிக்கை மேசையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். உங்கள் நான்கு ஆட்டக்காரர்களும் சேர்ந்து, குறி தவறுவதையும் கழித்து, எல்லாரும் ஒரு முறை ஆடி முடிக்கும் ஒரு ரவுண்டுக்குச் சராசரியாக 40 சேதம் செய்வதாக வைத்துக்கொள்வோம். 300 கரைய எட்டு ரவுண்டு ஆகும். ஒரு ரவுண்டு ஓடப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். உங்கள் ஒன்றரை மணி நேரம் அங்கேதான் போயிற்று. நாலாவது ரவுண்டில் செய்ததையே எட்டாவதிலும் செய்கிறார்கள் என்றால் செல்போன் வெளியே வரத்தான் செய்யும்.

இனி 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் ராட்சசனைப் பிரித்துப் பார்க்கலாம். ஹிட் பாயிண்ட் 110. பக்கத்தில் 13d8+52 என்று இருக்கும். மனித அளவுள்ள ஜீவன் என்பதால் எட்டுமுகப் பகடை, மொத்தம் 13. பகடைக்குச் சராசரி நாலரை, ஆக 58. உடல்வலிமைக்குப் பகடை ஒன்றுக்கு 4 கூட, அது 52. சேர்த்தால் 110. நகத்தால் இரண்டு முறை கீறும், ஒவ்வொன்றும் சராசரி 9 சேதம், ஆக ரவுண்டுக்கு 18. இவ்வளவுதான்.

ஆனால் அதன் சேலஞ்ச் ரேட்டிங் 13. பதின்மூன்றாம் லெவலில் உள்ள நான்கு பேருக்குச் சரியான எதிரி என்று அர்த்தம். டன்ஜன் மாஸ்டர் கையேட்டில், தற்காப்புக்கும் தாக்குதலுக்கும் தனித்தனி ரேட்டிங் பார்த்துச் சராசரி எடுக்க ஓர் அட்டவணை உண்டு. 13-க்கு அது எதிர்பார்ப்பது 266-க்கு மேல் ஹிட் பாயிண்டும், ரவுண்டுக்கு 80-க்கு மேல் சேதமும். சாதாரண ஆயுதம் ராட்சசனைத் தொடாது என்பதற்காக 110-ஐ ஒன்றரை மடங்காக்கி 165 என்று கொண்டாலும், தற்காப்பு 7 அளவில்தான் நிற்கிறது. தாக்குதலை எவ்வளவு தாராளமாகப் போட்டாலும் 4. சராசரி ஐந்தரை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த ஒன்றரை மடங்குகூட ஏட்டுச் சுரைக்காய்தான். அந்த லெவலுக்கு வந்த ஆட்டக்காரர்களிடம் மந்திர ஆயுதம் இல்லாமல் இருக்காது.

அப்படியானால் ஐந்தரைக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் இருப்பது என்ன? ஒற்றை வரி. ஆறாம் நிலை வரையுள்ள எந்த மந்திரமும், ராட்சசன் விரும்பினாலொழிய, அதன் மேல் பலிக்காது.

பதின்மூன்றாம் லெவல் மந்திரவாதியின் கையிலிருந்து பாருங்கள். தீக்கோளம் மூன்றாம் நிலை, பலிக்காது. அவன் பல மாதமாக நம்பியிருந்த பட்டியலில் ஏறக்குறைய எல்லாமே பலிக்காது. ஏழாம் நிலை மந்திரம் அவனுக்கு நாளைக்கு ஒன்றே ஒன்றுதான். பன்னிரண்டாம் லெவல் வரை அதுவும் கிடையாது. ஆகவே சண்டை முழுக்க அவன் முன்னால் இருப்பது ஒரே கேள்வி: அந்த ஒன்றை இப்போது விடுவதா, பொறுப்பதா? கர்ணனிடம் இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதமும் ஒரு முறைதான் பயன்படும். அர்ஜுனனுக்கென்று வைத்திருந்ததைக் கடோத்கசன் மேல் செலவழிக்க வேண்டிவந்தது. கடோத்கசனுடைய மதிப்பு அவன் எத்தனை பேரைக் கொன்றான் என்பதைவிட, எதைச் செலவழிக்க வைத்தான் என்பதில்தான் இருக்கிறது. மேனுவலை எழுதியவர்கள் இதை மனதில் வைத்து எழுதினார்களா என்றால், இருக்காது. ஆனாலும் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நகக்கீறலிலும் விஷயம் இருக்கிறது. கீறுபட்டவன் சாபத்துக்கு ஆளாகிறான். ஓய்வெடுக்கும்போதெல்லாம் கொடுங்கனவு, ஓய்வின் பலன் எதுவும் கிடைக்காது. இந்த விளையாட்டில் ஹிட் பாயிண்ட் ஏறுவதும் செலவான மந்திரங்கள் திரும்புவதும் பெரும்பாலும் தூங்கி எழுந்தால்தான். 9 சேதம் ஒரு பொருட்டே இல்லை, விடிந்தும் எதுவும் திரும்பவில்லை என்பதுதான் அடி. சண்டை முடிந்த பிறகு தொடங்கும் பயம் இது. நீங்கள் கேட்ட பயம் இந்த வகையில்தான் கிடைக்கும்.

குறுக்குவில் அம்பும் பதிப்புக்குப் பதிப்பு தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1977-ல் ஒரே அடியில் சாவு. மூன்றாம் பதிப்பின் திருத்தமான 3.5-ல், அடிக்கு அடி 15 சேதத்தை உதறிவிடும் தோல்; நல்லவர்களின் சக்தி ஏற்றப்பட்ட குத்தும் ஆயுதத்துக்கு மட்டும் அது வழிவிடும். ஐந்தாவதில், நல்லவர் கையிலிருக்கும் குத்தும் மந்திர ஆயுதத்துக்கு இரண்டு மடங்கு சேதம். உடனடிச் சாவு கதைக்கு அழகு, மேசையில் இரண்டு விதமாகக் கெடும். ரகசியம் தெரிந்துவிட்டால் ஒரே உருட்டில் எல்லாம் முடிந்துவிடும், தெரியாவிட்டால் அந்த விதி இருந்தும் இல்லாத மாதிரிதான். இரண்டு மடங்கு என்று வைத்தால் முதல் அம்பு பட்டதுமே ஏதோ வித்தியாசம் என்று ஆட்டக்காரர்களே கண்டுபிடிப்பார்கள். இருந்தாலும் எனக்குப் பழைய விதிதான் பிடிக்கும். அம்பை எங்கே மந்திரிப்பது, யாரிடம் கேட்பது என்று இரண்டு ஞாயிறு அலையவிடலாம்.

இவர்கள் தவறவிட்டது ஒன்று உண்டு. இவ்வளவு செய்தவர்கள் எப்படி விட்டார்கள் என்றுதான் தெரியவில்லை. வால்மீகியில் தாடகையை ராமன் உடனே கொல்லாமல் தயங்கும்போது, அந்தி வருவதற்குள் முடித்துவிடு, அந்தியில் ராட்சசர்களை வெல்வது கடினம் என்று விசுவாமித்திரர் அவசரப்படுத்துகிறார். கடோத்கசன் வெறியாட்டம் ஆடுவதும் இரவுப் போரில்தான். பொழுதுக்கு ஏற்ப ஏறி இறங்கும் பலம் என்பது மாற்றவே தேவையில்லாத விதி. அப்படியே எடுத்து வைக்கலாம்.

உங்கள் ராட்சசனை இதை வைத்துத் திருத்திப் பார்ப்போம். ஹிட் பாயிண்டை 110-க்கு இறக்குங்கள். சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை அதன் மேல் விழும் எந்தச் சேதமும் பாதிதான் என்று ஒரு வரி சேருங்கள். பகலில் மூன்று ரவுண்டில் விழும், இரவில் ஆறு ஆகும். இத்துடன் விட்டால் உங்கள் ஆட்கள் பாய் விரித்துப் படுத்துவிட்டுக் காலையில் வந்து அடிப்பார்கள். ஆகவே பகலில் அது தன் உருவில் இருக்கக் கூடாது. ஊரில் அவர்களுக்குச் சோறு போட்ட யாரோ ஒருவராக இருக்க வேண்டும். இரவில் யார் என்று தெரியும், வெல்வது கடினம். பகலில் வெல்லலாம், ஆனால் யார் என்று நிச்சயமில்லை. தப்பான ஆளை வெட்டிவிட்டால் என்ன ஆவது என்ற தயக்கம் வந்துவிட்டால் செல்போனை யாரும் எடுக்க மாட்டார்கள். மூன்று தடயமாவது முன்கூட்டியே போட்டுவையுங்கள், ஒன்றை எப்படியும் கோட்டைவிடுவார்கள்.

சாவுக்கும் ஒரு விதி எழுதலாம். மாரீசன் சாகும்போது ராமன் குரலில் சீதையையும் லட்சுமணனையும் கூப்பிட்டான். உங்கள் ராட்சசனும் ஹிட் பாயிண்ட் பூஜ்யமானதும் குழுவில் ஒருவர் குரலில் அலறட்டும். சண்டைக்கு வெளியே, ஊரில் காவலுக்கு விட்டுவந்த ஆள் ஏமாறாமல் தப்பிக்க உருட்டும் விஸ்டம் சேவில் 15 எடுக்காவிட்டால் இருந்த இடத்தை விட்டு ஓடிவர வேண்டும். அவன் காவல் காத்த இடத்தில் இரண்டாவது ராட்சசன் நுழைவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம்.

நீங்கள் எந்த லெவலில் ஆடுகிறீர்கள் என்று எழுதவில்லை. ஐந்துக்குக் கீழே என்றால் நகத்தின் சாபத்தை எடுத்துவிடுங்கள். சாபம் நீக்கும் மந்திரம் மூன்றாம் நிலை, ஐந்தாம் லெவலுக்கு முன் உங்கள் பூசாரிக்கு அது கிடைக்காது. சாபத்தை வைத்துத்தான் ஆடுவேன் என்றால், அதை நீக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்து ஊரில் குடிவைத்துவிடுங்கள். போய்வர இரண்டு இரவாவது ஆகிற தூரத்தில்.