விருந்து சாப்பிட்ட இரவில் மட்டும் வரும் வலி

கேள்வி: எனக்கு 46 வயது. விருந்துக்குப் போய் வந்தால் அன்று இரவு வலது விலாவுக்குக் கீழே வலி வருகிறது. முதுகு வரை போய், இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுத் தானாக அடங்குகிறது. கேஸ் என்று நினைத்து ஒன்றரை வருடமாகத் தினமும் பாண்டோபிரசோல் போடுகிறேன். லேபில் நானே ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் காஸ்ட்ரின் 310. நூறுக்குள் இருக்க வேண்டுமாம். நெட்டில் தேடினால் கணையத்தில் கட்டி என்று வருகிறது. காலையில் காபி குடித்துவிட்டுப் போய் ஸ்கேன் எடுத்தேன், பித்தப்பை சுருங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். ஏப்பம், நாக்கில் வெள்ளைப் படிவு, முடி உதிர்வு எல்லாம் இருக்கிறது. ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சை கலந்து குடித்தால் பித்தப்பை சுத்தமாகும் என்கிறார்கள், குடிக்கலாமா? எனக்குப் புற்றுநோயா டாக்டர்?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த 310 அநேகமாக நீங்கள் போடும் மாத்திரையால் வந்தது. ஆலிவ் எண்ணெயைத் தொடவே தொடாதீர்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஏப்பம், நாக்கு, முடி மூன்றையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இந்த வலிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் இரைப்பையின் அடிப்பகுதியில் சுரக்கிறது. சோறு, பருப்பு, கறி என்று ஏதாவது உள்ளே போய் இரைப்பை விரிந்ததும், குறிப்பாகப் புரதம் கரைய ஆரம்பித்ததும், அது ரத்தத்தில் கலந்து இரைப்பையின் மேற்பகுதிக்குப் போய் அமிலத்தைச் சுரக்க வைக்கிறது. அமிலம் போதுமான அளவு சேர்ந்ததும், அந்தப் புளிப்பே காஸ்ட்ரினை நிறுத்திவிடும். பாண்டோபிரசோல் இந்தப் புளிப்பைத்தான் எடுத்துவிடுகிறது. நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் காஸ்ட்ரின் ஏறிக்கொண்டே போகும். இந்த மாத்திரையைத் தொடர்ந்து போடுகிறவர்களுக்குக் காஸ்ட்ரின் இரண்டு மூன்று மடங்கு கூடியிருப்பது நாங்கள் எதிர்பார்ப்பதுதான்.

காஸ்ட்ரினைச் சுரக்கும் கட்டி ஒன்று இருப்பது உண்மை. ஆனால் அது மிக அரிது, அதைக் காஸ்ட்ரின் எண்ணை மட்டும் வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. அந்தக் கட்டி இருந்தால் குடல் புண் ஆறி ஆறித் திரும்ப வரும். விடாத வயிற்றுப்போக்கு இருக்கும். காஸ்ட்ரின் ஏறியிருக்கும் அதே நேரத்தில் இரைப்பையில் அமிலமும் கொட்டிக்கொண்டிருக்கும். இவற்றில் எதையும் நீங்கள் எழுதவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போது யாரும் கேட்காமல் இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டதால் கிடைத்தது பயம் மட்டும்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு இடம். விருந்து, இரவு, வலது விலா, முதுகு, இரண்டு மணி நேரம். இங்கே வேலை செய்வது இன்னொரு ஹார்மோன்.

இரைப்பையில் கூழான உணவு கொஞ்சம் கொஞ்சமாக முன்சிறுகுடலுக்குள் இறங்குகிறது. அதில் வரும் அமிலம் பட்டதும் குடல் சுவர் செக்ரெடினை விடுகிறது. 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் கண்டுபிடித்தது இதைத்தான், ஹார்மோன் என்று அறியப்பட்ட முதல் பொருள் இது. செக்ரெடின் கணையத்திலிருந்து சோடா உப்புக் கரைசல் போன்ற காரநீரை வரவழைத்து அமிலத்தை அடக்குகிறது. அது அடங்கினால்தான் செரிமான நொதிகள் வேலை செய்யும்.

அப்புறம் கொழுப்பு வருகிறது. பிரியாணி நெய்யும் வறுவல் எண்ணெயும் குடல் சுவரில் பட்டதும், நான் சொன்ன அந்த இன்னொரு ஹார்மோனான கொலிசிஸ்டோகைனின் சுரக்கிறது. கணையத்திலிருந்து நொதிகளை வரவழைப்பது, இரைப்பை அவசரமாகக் காலியாகாமல் பிடித்து வைப்பது, பித்தநாளத்தின் வாயைத் திறந்துவிடுவது, பித்தப்பையை நன்றாகப் பிழிவது எல்லாம் இதன் வேலை. கொழுப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு பலமாகப் பிழியும். இட்லி சாப்பிட்ட அன்று உங்களுக்கு வலி வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பித்தப்பையில் கல் இருந்து, பிழியும் நேரத்தில் அது கழுத்துப் பகுதியில் போய் அடைத்தால், பித்தப்பை மூடிய கதவை முட்டுவது போல முட்டும். அதுதான் அந்த வலி. விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக நிற்கும். ஏப்பம் விட்டாலும் மலம் கழித்தாலும் குறையாது. முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ போகும். ஹார்மோன் வேகம் குறைந்து கல் பின்னால் நழுவியதும் வலி அடங்கிவிடும். நீங்கள் மாத்திரையால் சரியானது என்று நினைத்திருப்பீர்கள்.

சரி, ஸ்கேனில் ஏன் கல் தெரியவில்லை? நீங்கள் குடித்த காபியில் பால் இருந்தது. பாலில் இருக்கும் கொழுப்பும் புரதமும் அதே ஹார்மோனைக் கிளப்பிவிட்டன. பிழிந்து சுருங்கிப்போன பையின் மடிப்புக்குள் கல் இருந்தாலும் பார்ப்பது கடினம். எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு போனால்தான் பை பித்தநீரால் நிரம்பி விரிந்திருக்கும். அப்போது கல் பளிச்சென்று தெரியும். பட்டினியாகப் போயும் பை சுருங்கியே இருந்தால் அதுவும் ஒரு துப்புதான், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது ஆலிவ் எண்ணெய். வெறும் வயிற்றில் அவ்வளவு எண்ணெய் குடித்தால் கொலிசிஸ்டோகைனின் ஒரேயடியாகக் கிளம்பி, கல்லுள்ள பையை முழுப் பலத்தோடு பிழியும். சிறிய கல்லாக இருந்தால் நாளத்துக்குள் தள்ளப்படலாம். பித்தநாளமும் கணைய நாளமும் பெரும்பாலானவர்களுக்கு ஒரே வாயில்தான் குடலில் திறக்கின்றன. அங்கே கல் சிக்கினால் கணையம் வீங்கும். அதில் உயிர் போனவர்களும் உண்டு. மறுநாள் மலத்தில் வந்ததாக வீடியோவில் காட்டுகிறார்களே பச்சை உருண்டைகள், அவை கற்கள் அல்ல, குடித்த எண்ணெய் குடலில் சோப்பாகத் திரண்டவை.

நீங்கள் பயப்பட வேண்டியது காஸ்ட்ரினுக்கு அல்ல, இதற்குத்தான்: வலி ஐந்தாறு மணி நேரம் தாண்டியும் நின்றால், குளிர்க் காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால், அல்லது வலி மேல்வயிற்றிலிருந்து முதுகைத் துளைத்து வாந்தி நிற்காமல் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அங்கே ரத்தத்தில் மஞ்சள் நிறமியான பிலிருபினையும் கணைய நொதியான லைபேஸையும் பார்ப்பார்கள்.

கல் உறுதியானால், வலி தரும் பித்தப்பையை லேப்ராஸ்கோப்பில் எடுத்துவிடுவதுதான் வழி. பையில்லாமல் எப்படிச் செரிக்கும் என்று கேட்பீர்கள். ஹார்மோன்கள் வழக்கம்போல வரும். பித்தநீரைத் தேக்கி வைக்காமல் கல்லீரல் நேரடியாகக் குடலுக்கு விடும், அவ்வளவுதான். அதுவரை எண்ணெய்ப் பலகாரத்தையும் விருந்தையும் தள்ளிவையுங்கள். அதற்காகக் கொழுப்பே இல்லாமல் சாப்பிடுவதும் நாள்கணக்கில் பட்டினி கிடப்பதும் வேண்டாம். பிழியப்படாத பை பித்தநீரைத் தேக்கித் தடிப்பாக்கிவிடும்.

பாண்டோபிரசோலை யாரும் எழுதித் தரவில்லை என்றால், வேறு காரணத்துக்காக அது தேவையா என்று மருத்துவரைக் கேட்டுவிட்டு மெல்லக் குறைத்து நிறுத்துங்கள். நிறுத்திய சில வாரங்களுக்கு நெஞ்செரிச்சல் கூடலாம். ஏறியிருந்த காஸ்ட்ரின் அமிலத்தைக் கொஞ்ச நாள் அதிகமாகச் சுரக்க வைக்கும், பிறகு இறங்கிவிடும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடியும் மாத்திரையைத் தொடங்கிவிடாதீர்கள்.

இந்த வாரமே இன்னொரு ஸ்கேன் எடுங்கள். முந்தைய இரவு சீக்கிரம் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். காலையில் காபி வேண்டாம், தண்ணீர் மட்டும்.