குண்டு எறிதலை நின்ற நிலையிலிருந்து கிளைடு வரை பாதுகாப்பாகக் கற்பித்தல்

கேள்வி: 12, 13 வயதுள்ள இருபது மாணவ மாணவியருக்குக் குண்டு எறிதல் கற்றுக்கொடுக்க வேண்டும். எங்களிடம் இருப்பது வெறும் மண் தரைதான், வட்டம் எதுவும் போடவில்லை. களத்தை எப்படி அமைப்பது? நின்று எறிவதிலிருந்து கிளைடுக்கு எப்போது மாற்றுவது? யாருக்கும் அடிபடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் களம். வட்டத்தின் உள்விட்டம் 2.135 மீட்டர். ஆகவே தரையில் ஒரு முளையை அடித்து, 1.07 மீட்டர் நீளமுள்ள கயிற்றைக் கட்டிச் சுற்றினால் பயிற்சிக்குப் போதுமான வட்டம் கிடைத்துவிடும். அதே முளையிலிருந்துதான் குண்டு விழும் பகுதியின் இரு கோடுகளும் புறப்பட வேண்டும். விதிப்படி அவற்றுக்கு இடையிலான கோணம் 34.92 பாகை என்றாலும், கோணமானியைத் தேட வேண்டியதில்லை. மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் அளந்தாலும், இரு கோடுகளுக்கும் நடுவே உள்ள அகலம் அந்தத் தொலைவில் 0.6 பங்காக இருக்கும் என்பதே இந்தக் கோணத்தின் பொருள். உங்கள் மாணவர்களுக்கு 15 மீட்டர் நீளம் போதும். மையத்திலிருந்து 15 மீட்டரில் இடப்பக்கம் ஒரு முளையை அடியுங்கள். பிறகு, மையத்திலிருந்து 15 மீட்டர் அளவுநாடாவையும் இடப்பக்க முளையிலிருந்து 9 மீட்டர் அளவுநாடாவையும் இழுத்துப் பிடித்து, இரண்டின் முனைகளும் சந்திக்கும் இடத்தில் வலப்பக்க முளையை அடியுங்கள். சுண்ணாம்புக் கோடு போடும் முன், 5 மீட்டரில் அகலம் சரியாக 3 மீட்டர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் பிழை இருப்பின் அப்போதே தெரிந்துவிடும். தடுப்புப் பலகை இந்த இரு கோடுகளுக்கும் நட்டநடுவே, வட்டத்தின் முன்விளிம்பை ஒட்டி வர வேண்டும். ஆனால் தொடக்க வாரங்களில் பலகையே வேண்டாம் என்பது என் கருத்து; அதன் காரணத்தைக் கிளைடு பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

கோடு போட்டுவிட்டதால் மட்டும் களம் பாதுகாப்பானதாகிவிடாது. வலக்கைக்காரர் உடலை அளவுக்கு மீறித் திருப்பினால் குண்டு இடப்பக்கமும், சீக்கிரம் விட்டுவிட்டால் வலப்பக்கமும் விலகிப் போகும் என்பதால், வட்டத்தின் இரு பக்கங்களிலும் ஒருவரும் நிற்கக் கூடாது. காத்திருப்போர் கோட்டை வட்டத்துக்கு 5 மீட்டர் பின்னால் போடுங்கள். எனினும் விபத்து பெரும்பாலும் நேர்வது எறியும் நொடியைவிட, குண்டை எடுக்கப் போகும் நேரத்தில்தான். ஒருவர் தன் குண்டைத் தேடிக் குனிந்திருக்கும்போது அடுத்தவர் எறிந்துவிடுவார். இருபது பேரை வைத்து நடத்தும்போது, நின்று எறியும் கட்டத்தில் வட்டத்தை விட்டுவிட்டு, ஒரே கோட்டில் நாலைந்து பேரை 4 மீட்டர் இடைவெளியில் ஒரே திசை நோக்கி நிறுத்துங்கள். இடக்கைக்காரர்களைக் கூடுதல் இடைவெளி விட்டு ஓரத்தில் நிறுத்துவது நல்லது. "எறி" என்று நீங்கள் சொன்ன பிறகே எறிய வேண்டும். கடைசிக் குண்டும் உருண்டு நின்று, "எடு" என்று நீங்கள் சொன்ன பிறகே எல்லோரும் ஒன்றாக நடந்துபோய் எடுக்க வேண்டும். குண்டைக் கையில் சுமந்துதான் திரும்ப வேண்டும். உருட்டிவிடவோ திருப்பி எறியவோ ஒருநாளும் அனுமதிக்காதீர்கள்.

எடையைப் பொறுத்தவரை, 18 வயதுக்குட்பட்டோர் போட்டியிலேயே பெண்களுக்கு 3 கிலோவும் ஆண்களுக்கு 5 கிலோவும்தான் என்பதை நினைவில் கொண்டு, இந்த வயதினருக்கு 2 கிலோவில் தொடங்குங்கள். குண்டு விரல்களின் அடிப்பகுதியில் அமர வேண்டும், உள்ளங்கையில் அல்ல. கட்டைவிரலும் சுண்டுவிரலும் பக்கவாட்டில் தாங்க, குண்டு தாடைக்குக் கீழே கழுத்தை ஒட்டியிருக்கும். முழங்கை உயர்ந்து வெளிப்புறம் நிற்கும். எறியத் தொடங்கியதும் முழங்கை தொங்கி, குண்டு கழுத்தைவிட்டு விலகுமானால், அந்த மாணவருக்கு அது கனம் அதிகம் என்று பொருள். அப்படியே விட்டால் அவர் அதைப் பந்துபோல் வீசத் தொடங்குவார். முழங்கையும் தோளும் நோகும், விதிப்படியும் அது தவறு. அவருக்கு உடனே எடையைக் குறையுங்கள்.

நின்று எறிவதில் முதலில் நேராக முன்னோக்கி நின்று, கைகளால் மட்டும் தள்ளச் செய்யுங்கள். மெடிசின் பந்தை மார்பிலிருந்து தள்ளுவது இதற்கு நல்ல தொடக்கம். அதன் பிறகே பவர் பொசிஷன். வலக்கைக்காரருக்கு வலக்கால் பின்னாலும் இடக்கால் முன்னாலும் இருக்கும். வலக்குதிகாலும் இடக்கால் விரல்நுனியும் எறியும் திசையில் ஒரே நேர்க்கோட்டில் வரும். வலமுழங்கால் மடங்கி, எடை முழுதும் வலக்காலில் நிற்க, மார்பு பின்னோக்கித் திரும்பியிருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தாடை, முழங்கால், கால்விரல் மூன்றும் ஏறத்தாழ ஒரே செங்குத்துக் கோட்டில் தெரியும். இதுதான் நான் முதலில் கவனிக்கும் அடையாளம். எறியும்போது வலப்பாதமும் முழங்காலும் இடுப்பும் முதலில் திரும்ப, மார்பு அதைத் தொடர, கை கடைசியாக நீள வேண்டும். தொடக்கநிலையினர் பெரும்பாலும் கையையே முதலில் நீட்டிவிடுவதால், குண்டே இல்லாமல் வலக்குதிகாலைத் திருப்பி இடுப்பைச் சுழற்றும் அசைவை மட்டும் பலமுறை செய்யச் சொல்லுங்கள். எறிந்தபின் கால் மாற்றிக் குதிப்பதை இப்போது கற்பிக்க வேண்டாம். கற்பித்தால் குண்டு கையைவிட்டுப் போகும் முன்பே குதிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

பவர் பொசிஷனில் இரண்டு நொடி ஆடாமல் நின்று, அங்கிருந்து எறிந்து, பிறகும் சமநிலை குலையாமல் நிற்கிறார் என்றால் அவரைக் கிளைடுக்கு அனுப்பலாம். பின்னோக்கி நின்று தொடங்கும் இந்த முறையைப் புகழடையச் செய்தவர், 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற பாரி ஓ'பிரையன். முதலில் வட்டமும் குண்டும் இல்லாமல், தரையில் போட்ட ஒரு நேர்க்கோட்டின்மேல் பழக்குங்கள். வலக்காலில் தாழ்ந்து அமர்ந்து, இடக்காலைப் பின்புறம் தாழ்வாக நீட்டி, வலக்குதிகாலால் தள்ளி, வலப்பாதத்தை இடுப்புக்கு அடியில் விரைவாக இழுத்துக்கொள்ள வேண்டும். இரு பாதங்களும் அடுத்தடுத்து உடனே தரையைத் தொட, தோள்கள் மட்டும் இன்னும் பின்னோக்கியே இருக்க வேண்டும். மேலே துள்ளினால் அது கிளைடு ஆகாது. தலையின் உயரம் மாறாமல் செல்கிறதா என்று பாருங்கள். தடுப்புப் பலகை ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரமுள்ளது. சமநிலை இன்னும் வராத பிள்ளை அதன்மேல் கால்வைத்தால் கணுக்கால் பிசகும். கிளைடு ஒரே நீளத்தில் நிலைப்பட்ட பிறகே பலகையை வையுங்கள். கால் எட்டாத சிறியவரை வட்டத்தின் பின்விளிம்பிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று வற்புறுத்தாமல், சற்று முன்னிருந்து தொடங்க விடுங்கள்.

கிளைடு உண்மையிலேயே கைவந்ததா என்பதை அளவுநாடா சொல்லிவிடும். ஒரு மாணவி நின்று 6.40 மீட்டர் எறிகிறார், கிளைடு செய்து 6.10 மீட்டர்தான் எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேகம் கூடியும் தொலைவு குறைந்தது என்றால், வலக்கால் தரையிறங்கும்போதே மார்பு முன்னோக்கித் திறந்துவிட்டிருக்கும், அல்லது இடக்கால் தாமதமாக விழுந்திருக்கும். இன்னும் வேகமாகப் போகச் சொன்னால் பிழை வளரும். கிளைடு முடிந்ததும் பவர் பொசிஷனில் அப்படியே நிற்கச் செய்து, தாடையும் முழங்காலும் கால்விரலும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, பிறகு எறியச் சொல்லுங்கள். நிற்கும் நேரத்தைப் படிப்படியாகக் குறைத்து, நிற்காமலே எறியும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். தொலைவு 6.40 மீட்டரைத் தாண்டும் வரை, போட்டி வந்தாலும் அவர் நின்றே எறியட்டும்.