எழுபத்தெட்டு வயதில் கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்க வேண்டுமா?

கேள்வி: மும்பை செம்பூரில் எங்களுடன் இருக்கும் என் தாயாருக்கு வயது 78, எடை 48 கிலோ. நெஞ்சுவலி, பக்கவாதம், ஸ்டென்ட், சர்க்கரை எதுவும் கிடையாது. ரத்த அழுத்த மாத்திரையில் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. தைராய்டு மாத்திரையைக் காலைக் காபியோடும், கால்சியத்தைச் சிற்றுண்டி முடிந்தவுடனும் சாப்பிடுகிறார். இவை போக இரவில் ஒரு வைட்டமின், வெகுநாளாக வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒரு பான்டோப்ரசோல். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் 'முழு உடல் பரிசோதனை'யில் எல்டிஎல் கொலஸ்ட்ரால் 148, கிரியாட்டினின் 1.1 என்று வந்தது. அந்த நிறுவனத்தின் மருத்துவர் வீடியோவில் பேசி, ரோசுவாஸ்டாட்டின் 10, ஆஸ்பிரின் 75 சேர்ந்த கேப்ஸ்யூல் எழுதித் தந்தார். மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி உண்டு. அம்மாவோ, 'இன்னும் ஒன்றா?' என்கிறார். வாங்கலாமா? என் மாமனார் (81) பத்து ஆண்டுகளுக்கு மேலாக அடோர்வாஸ்டாட்டின் 10 சாப்பிடுகிறார். அவருக்கும் இதய நோய் இல்லை. அதையும் நிறுத்திவிடலாமா?

பதில்: அந்தக் கேப்ஸ்யூலை இப்போது வாங்க வேண்டாம். மூன்று மாதத் தள்ளுபடியை மறந்துவிடுங்கள். ரோசுவாஸ்டாட்டின் போன்ற கொலஸ்ட்ரால் மருந்தான ஸ்டாட்டினே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதைப் பற்றி முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் அந்தக் கேப்ஸ்யூலைப் பார்ப்போம். கொலஸ்ட்ரால் மாத்திரை என்று சொல்லித் தரப்பட்டாலும் அதன் பாதி ஆஸ்பிரின். இதய நோய் இல்லாத எழுபது வயதுக்கு மேற்பட்டோரிடம் தினசரி ஆஸ்பிரினைச் சோதித்த ஆஸ்திரேலிய, அமெரிக்கக் கூட்டாய்வின் முடிவுகள் 2018இல் வெளியாயின. மாரடைப்பும் பக்கவாதமும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. பெரிய ரத்தக்கசிவுகள் மட்டும் கூடின. ஸ்டென்ட் வைத்தவருக்கும் மாரடைப்பு வந்தவருக்கும் ஆஸ்பிரின் அவசியம், அவர்கள் அதை ஒருநாளும் தாமாக நிறுத்தக் கூடாது. உங்கள் தாயார் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். நம் நாட்டில் ஸ்டாட்டினுடன் ஆஸ்பிரினும், சில வேளைகளில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெலும் சேர்த்த கேப்ஸ்யூல்கள் ஏராளமாக விற்கின்றன. நாம் கேட்டு வாங்குவது வணிகப் பெயரை; உள்ளே இருக்கும் மருந்துகளின் பெயர் அட்டையில் தனியே எழுதியிருக்கும். எந்த அட்டையை வாங்கினாலும் அந்தப் பெயர்களைப் படித்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

இனி நான் குறிப்பிட்ட அந்த வேலை. தைராய்டு மாத்திரை காபியோடு போனால் சரியாக உறிஞ்சப்படாது. கால்சியம் அதையடுத்துப் போனால் இன்னும் மோசம். வெறும் வயிற்றில் தண்ணீரில் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி குடிக்க வேண்டும். கால்சியத்துக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், அதாவது அதை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளிவிட வேண்டும். மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் தைராய்டு குறைவாகவே நின்றுவிட்டால், கல்லீரல் எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து நீக்கும் வேகம் தளர்ந்து கொலஸ்ட்ரால் ஏறும். அப்படிப்பட்ட நிலையில் ஸ்டாட்டின் கொடுத்தால் தசைவலியும் தசைச் சேதமும் வரும் வாய்ப்பு கூடும். தைராய்டு குறைந்தால் உயரும் டிஎஸ்ஹெச் பரிசோதனைத் தாளில் எவ்வளவு என்று பாருங்கள்; இந்த வகைப் பரிசோதனைகளில் அது பெரும்பாலும் இருக்கும். அது உயர்ந்திருந்தால் நேரத்தை மட்டும் மாற்றி, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்ஹெச்சும் கொலஸ்ட்ராலும் மறுபடி பாருங்கள். 148 என்ற எண் ஒரு ரூபாய் செலவில்லாமல் இறங்கக்கூடும். டிஎஸ்ஹெச் சரியாகவே இருந்தால் இந்த வழி அடைபட்டது என்று கொண்டு மேலே செல்லலாம்.

தைராய்டு சரியாக இருந்தும் எல்டிஎல் 148இலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாட்டின் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐம்பது, அறுபது வயதினரைக் கொண்டு செய்யப்பட்டவை. 28 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுதிரட்டி 2019இல் 'லான்செட்' இதழில் வந்த அலசலில், பங்கேற்றோரில் 75 வயதைத் தாண்டியோர் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்க்கையில், எல்டிஎல் ஏறக்குறைய 39 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஆனால் 75ஐத் தாண்டி, இதய நோயும் இல்லாதவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது குறைவு எட்டு சதவீத அளவிலேயே தெரிந்தது, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற எல்லைக்குள். இதனால்தான் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022இல், 76 வயது முதல் புதிதாகத் தொடங்குவதற்கு ஆதரவாகவோ எதிராகவோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதியது. இந்த ஒரு கேள்விக்கென்றே ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இரண்டு பெரிய ஆய்வுகள் தொடங்கப்பட்டன. இரண்டிலும் சோதிக்கப்படும் மருந்து அடோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம்.

இதை உங்கள் தாயாரின் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். அவரைப் போன்ற நூறு பெண்களில் அடுத்த ஐந்து ஆண்டுகளில் பன்னிரண்டு பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். மருந்து இளையவர்களிடம் போலவே நன்றாக வேலை செய்து, எல்டிஎல்லும் 39 புள்ளிக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கி, கால்வாசியைக் குறைத்தால், மூவர் தப்புவார்கள். மேற்சொன்ன எட்டு சதவீதமே உண்மையென்றால் ஒருவர் தப்புவார். எந்த வகையில் பார்த்தாலும் நூற்றில் 97 பேருக்குக் குறையாமல், 1,825 மாத்திரை விழுங்கியும் தங்கள் வாழ்வில் எந்த மாற்றத்தையும் காணமாட்டார்கள். அந்தப் பலனும் முதல் மாதத்தில் வருவதில்லை. 50 முதல் 75 வயதினரிடம் செய்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, நூறு பேரில் ஒருவருக்கு ஒரு நிகழ்வு தவிர்க்கப்படவே ஏறக்குறைய இரண்டரை ஆண்டு ஆனது. நூற்றில் மூன்று என்பது ஒருவருக்குப் பெரிதாகவும் இன்னொருவருக்கு அற்பமாகவும் தெரியலாம். பக்கவாதம் வந்து படுக்கையில் விழுவதுதான் தனக்குப் பெரிய பயம் என்று அம்மா சொன்னால் ஒரு பதில், இருக்கும் மாத்திரைகளே அலுத்துவிட்டன என்றால் வேறு பதில். எனவே இந்தக் கணக்கை அவரிடமே சொல்லிக் கேளுங்கள். குடும்பம் கூடிப் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் அவரிடம் மாத்திரையை நீட்டுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது.

'இன்னும் ஒன்றா' என்ற அவரது அலுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சுமையைக் கூட்டியது ஸ்டாட்டின் அன்று. பான்டோப்ரசோல் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பது வீட்டில் யாருக்காவது நினைவிருக்கிறதா? வயிற்றுப்புண் வரலாறோ ஆஸ்பிரின் பயன்பாடோ இல்லாதவருக்கு அதை ஆண்டுக்கணக்கில் தொடரத் தேவை அரிது. குடும்ப மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்கலாம். வைட்டமினும் அதே விசாரணைக்கு உரியது. இவ்விரண்டும் போய்விட்டால், ஸ்டாட்டின் வேண்டும் என்று முடிவானாலும் மொத்த எண்ணிக்கை இப்போதையதைவிட ஒன்று குறைவாகவே இருக்கும். நான் என்றால் அந்த வரிசையில்தான் செய்வேன்.

வேண்டும் என்றே முடிவானால், ரோசுவாஸ்டாட்டின் 10 தொடக்க அளவாக இவருக்கு அதிகம். கிரியாட்டினின் 1.1 என்பதைப் பரிசோதனைத் தாள் இயல்பு என்றே காட்டும். ஆனால் 78 வயது, 48 கிலோ, பெண் என்று சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 32 மில்லிலிட்டர் அளவே வருகிறது. அது 30க்குக் கீழே போனால் ரோசுவாஸ்டாட்டினை 5இல் தொடங்கி 10ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆசியர்களிடம் இந்த மருந்தின் ரத்த அளவு கூடுதலாகவே இருக்கும் என்பதால் அவர்களுக்கு எப்படியும் 5இல்தான் தொடங்கச் சொல்கிறார்கள். சிறுநீரகத்தை அதிகம் சாராத அடோர்வாஸ்டாட்டின் 10 எளிய தேர்வு. தனி மருந்தாக, மலிவாக, ஜன் ஔஷதி கடைகளிலும் கிடைக்கும். ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். தொடையிலும் தோளிலும் இரண்டு பக்கமும் புதிதாக வலி, நாற்காலியிலிருந்து எழக் கஷ்டம் என்று வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் அடர்ந்த பழுப்பாக வந்தால் அன்றே. நிறுத்திய சில வாரங்களில் வலி போகவில்லை என்றால் அது மூட்டுவலியாகவோ வேறு காரணமாகவோ இருக்கக்கூடும். மருந்து ஒத்துக்கொண்டால் இரண்டு, மூன்று மாதத்தில் கொலஸ்ட்ராலை ஒருமுறை பார்த்தால் போதும்.

மாமனாரின் விஷயம் வேறு. புதிதாகத் தொடங்குவதும், நெடுநாள் ஒத்துப்போனதை நிறுத்துவதும் ஒரே கேள்வி அல்ல. பிரான்சில், இதய நோய் இல்லாமல் ஸ்டாட்டின் சாப்பிட்டு வந்த 75 வயதினர் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வந்த கட்டுரையில், நிறுத்தியவர்கள் இதயநோய், பக்கவாதம் போன்றவற்றுக்காக மருத்துவமனையில் சேர்வது மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. உடல்நிலை ஏற்கெனவே சரிந்தவர்களே நிறுத்தியிருக்கக்கூடும் என்பதால் இதை நிரூபணம் என்று கொள்ள முடியாது. ஆனால் தொந்தரவு இல்லாத ஒரு மாத்திரையைச் சும்மா நிறுத்துவதற்கும் காரணம் இல்லை. உடல் மிகவும் தளர்ந்துபோனாலோ, ஆயுளைக் குறைக்கும் வேறு நோய் வந்தாலோ, விழுங்கவே சிரமப்பட்டாலோ அப்போது நிறுத்தலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். அதுவரை ஒரே ஒரு எச்சரிக்கை: இருமல், சளிக்குப் புதிதாகப் பார்க்கும் மருத்துவர் கிளாரித்ரோமைசின் எழுதினால், மாமனார் அடோர்வாஸ்டாட்டின் சாப்பிடுவதை உடனே சொல்லுங்கள். அந்த ஆன்டிபயாட்டிக் அடோர்வாஸ்டாட்டினின் அளவை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும் என்பதால், வேறு ஆன்டிபயாட்டிக் தருவார் அல்லது அந்த நாட்களுக்கு மட்டும் ஸ்டாட்டினை நிறுத்தச் சொல்வார்.