குதிகால் எலும்பு உடைந்தால் ஆபரேஷனுக்கு ஏன் பத்து நாள் காத்திருக்கச் சொல்கிறார்கள்?

"அப்பா சாரத்திலிருந்து விழுந்து குதிகால் எலும்பு உடைந்துவிட்டது. எக்ஸ்ரேயில் கோணம் 5 டிகிரிதான், எலும்பின் உயரமும் இறங்கிவிட்டது, ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். ஆனால் வீக்கம் வற்றட்டும், பத்து நாள் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தாமதம் ஆபத்தில்லையா?"

எலும்பு முறிவு மருத்துவனாக என் பதில்: பெரும்பாலும் அந்தக் காத்திருப்புதான் காலைக் காப்பாற்றுகிறது.

முதலில் அந்த 5 டிகிரி. பாதத்தைப் பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பின் மேல்விளிம்பில் மூன்று மேடுகள் தெரியும். பின்பக்க மேட்டையும் நடு மேட்டையும் சேர்த்து ஒரு கோடு, நடு மேட்டையும் முன்பக்க மேட்டையும் சேர்த்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் குறுங்கோணத்துக்கு, அதை விவரித்த வியன்னா மருத்துவர் பெயரால், போலர் கோணம் என்று பெயர். சாதாரணமாக 20 முதல் 40 டிகிரி வரை இருக்கும். ஆளுக்கு ஆள் மாறுவதால் நான் மற்றக் காலையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

இந்த எலும்புக்கு வெளியே மெல்லிய ஓடு, உள்ளே பஞ்சு போன்ற எலும்பு. உயரத்திலிருந்து விழும்போது மேலே உட்கார்ந்திருக்கும் கணுக்கால் எலும்பு ஆப்பு மாதிரி உள்ளே இறங்கி, நடு மேட்டில் இருக்கும் மூட்டுப் பரப்பைப் பஞ்சுக்குள் அமுக்கிவிடுகிறது. நடு மேடு தாழ்ந்தால் கோணம் சுருங்கும். மோசமாக நொறுங்கினால் பூஜ்யத்துக்கும் கீழே போகும். உயரம் குறைந்த எலும்பு பக்கவாட்டில் பிதுங்கும். அப்படியே விட்டால் செருப்பு உரசும், வெளிப்பக்கத் தசைநாண் நசுங்கும், கெண்டைக்கால் தசையின் உந்துவிசையும் குறையும். மூட்டுப் பரப்பு எத்தனை துண்டு என்பதை எக்ஸ்ரே சரியாகச் சொல்லாது; அதற்கு சிடி ஸ்கேன் வேண்டும்.

சரி, அமுங்கிய எலும்பை உடனே ஆபரேஷனில் தூக்கி நிறுத்தினால் என்ன? பிரச்சினை எலும்பில் இல்லை, தோலில். குதிகாலின் வெளிப்பக்கம் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை என்று சொல்ல எதுவும் கிடையாது. வழக்கமான ஆபரேஷனில் அங்கே ஆங்கில எல் எழுத்து வடிவில் கீறி, தோலை எலும்போடு ஒட்ட உரித்துத் தூக்குவோம். அந்த எல்லின் மூலைக்கு ரத்தம் வருவது சொற்பம். வீங்கி விறைத்த தோலை அப்படித் தூக்கினால் மூலை கறுத்துவிடும்.

நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு பெயின்டருக்கு மூன்றாம் நாளே ஆபரேஷன் நடந்தது. கோணம் 4-லிருந்து 28-க்கு வந்தது. எக்ஸ்ரேயை எல்லோரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். பத்தாம் நாள் கட்டைப் பிரித்தால் மூலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பு. அது உதிர்ந்தபோது உள்ளே பிளேட் பளபளத்தது. அப்புறம் சீழ், கழுவல், பிளேட்டை எடுத்தல் என்று மாதக்கணக்கில் போயிற்று. அவர் ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி குடிப்பவர் என்பதை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. புகையும் கட்டுப்படாத சர்க்கரையும் இந்தக் காயத்துக்குப் பெரிய எதிரிகள்.

நாளை எண்ணுவதைவிடத் தோலைப் பார்ப்பதுதான் முறை. பாதத்தை மேல்நோக்கி மடக்கி லேசாக வெளிப்பக்கம் திருப்பும்போது, குதிகாலின் வெளிப்பக்கத் தோலில் மெல்லிய சுருக்கங்கள் விழ வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழக்கூடாது. கொப்புளம் இருந்தால் அது காய்ந்து புதுத் தோல் மூட வேண்டும். பலருக்கு இது 7 முதல் 14 நாளில் வந்துவிடும். மூன்று வாரத்தைத் தாண்டவும் விடக்கூடாது, துண்டுகள் ஒட்ட ஆரம்பித்துவிடும், பிரித்து அடுக்குவது பெரும்பாடு. சிறு கீறல் வழியாகச் செய்யும் முறையில் சில நாள் முன்னதாகவே செய்ய முடியும். எல்லா முறிவுக்கும் அது ஒத்துவராது.

அதுவரை அப்பா அந்தக் காலை ஊன்றக்கூடாது. படுக்கையில் காலை நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கி வைத்திருக்க வேண்டும். நாற்காலியில் தொங்கப் போட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி வீங்கும். கொப்புளத்தைக் குத்த வேண்டாம். யாராவது எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன், இறுக்கிக் கட்டுகிறேன் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. எலும்பின் பின்துண்டு மேலே தூக்கிக்கொண்டு குதிகாலின் பின்தோலை உள்ளிருந்து முட்டி, அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ தெரிந்தால் அன்றைக்கே ஆபரேஷன் வேண்டும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தாலும், மருந்துக்கு அடங்காத வலியோடு பாதம் கல் மாதிரி இறுகினாலும் அப்படித்தான். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

அப்புறம், அப்பாவுக்கு இடுப்பு வலிக்கிறதா? குதிகாலில் விழுந்த விசை முதுகெலும்பு வரை ஏறியிருக்கலாம். கால் வலியில் அது மறைந்துபோகும். அங்கே எக்ஸ்ரே எடுத்தார்களா என்று இன்றே கேளுங்கள்.