வயது வரம்பை நோட்டீஸில் எப்படி எழுதுவது?

"எங்கள் குடியிருப்போர் சங்க கிரிக்கெட் நோட்டீஸில் '16 வயதுக்குட்பட்டோர்' என்று மட்டும் போட்டுவிட்டோம். ஒரு பையனுக்கு மே 10ஆம் தேதி 16 முடிகிறது, இறுதி ஆட்டம் மே 24. எதிரணி ஆட்சேபிக்கிறது. அவனை ஆடவிடலாமா?"

ஆடவிடுங்க சார். எந்தத் தேதியில் வயதைக் கணக்கிடுவது என்று நோட்டீஸ் சொல்லாததுதான் சிக்கல். அதற்கு அந்தப் பையன் பொறுப்பில்லை.

இன்றே ஒரு திருத்த நோட்டீஸ் ஒட்டுங்கள். அதில் வயதை எழுதாமல் பிறந்த தேதியை எழுதுங்கள்: "2.5.2010 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் மட்டும்." அதாவது, 2026 மே 1 அன்று 16 நிறையாதவர்கள். உங்கள் பையன் 10.5.2010இல் பிறந்தவன், அதனால் இறுதி ஆட்டம் வரைக்கும் தகுதி உண்டு. இதே விதி எதிரணிக்கும் பொருந்தும் என்பதையும் சேர்த்துவிடுங்கள், பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

சான்றுக்குப் பிறப்புச் சான்றிதழோ பள்ளி அடையாள அட்டையோ கேளுங்கள். சில ஆதார் அட்டைகளில் பிறந்த ஆண்டு மட்டும்தான் இருக்கும், அது இங்கே உதவாது. அணிப் பட்டியல் தரும்போதே சரிபார்த்து முடித்துவிட வேண்டும். ஆட்சேபம் இருந்தால் அந்த ஆட்டத்தின் முதல் பந்துக்கு முன் எழுத்தில் தர வேண்டும், அப்புறம் ஏற்க முடியாது என்றும் போடுங்கள். தோற்ற பிறகுதான் பலருக்கு எதிராளியின் மீசை கண்ணில் படும்!

உண்மையான பயம் அவன் வேகப் பந்தைப் பற்றி என்றால், அதற்கு வயது விதி மருந்தில்லை. எட்டு ஓவர் ஆட்டத்தில் ஒருவருக்கு இரண்டு ஓவர்தான் என்று வையுங்கள். குறைந்தது நான்கு பேர் பந்து வீசியாக வேண்டும்.